இயந்திரம் தாமதமானால் சப்ளையருக்கு எழுதும் புகார்க் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறு ஆலைகளுக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வக்கீல் அல்ல. வக்கீலிடம் போகும் முன் எழுத வேண்டிய கடிதத்தைத்தான் நான் எழுதித் தருகிறேன். அதைச் சரியாக எழுதிவிட்டால் பலருக்கு வக்கீலே தேவைப்படுவதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே வழக்கை வைத்துப் பதில் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, பிசான அறுவடைக்கு முன் வேண்டும் என்று நெல் டிரையர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அது வந்து சேர்ந்த கதை இது. பெயர்களை விட்டுவிட்டேன்.

போனில் பத்துத் தடவை பேசியாகிவிட்டது. கடிதம் வேறு எதற்கு?

போனில் பேசியது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குறித்த நாளுக்குள் நடக்க வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் உயிராக இருந்து, எதிர்த்தரப்பு அந்த நாளைத் தவறவிட்டால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு வருகிறது. ஆனால் ரத்து செய்யாமல், தாமதமாக வந்த சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்காக இழப்பீடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே ‘இழப்பீடு கேட்கப் போகிறேன்’ என்று தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம்.

பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். இரண்டு மாதம் தொண்டை வறளக் கத்திவிட்டு, லாரி வாசலில் வந்து நின்றதும் எல்லாவற்றையும் மறந்து, செலானில் கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பேச உட்காரும்போது சப்ளையர் அந்தச் செலானை எடுத்து நீட்டுவார். புகார்க் கடிதம் என்பது கோபத்தைக் கொட்டும் இடம் அல்ல. லாரி வரும் முன் உங்கள் உரிமையைக் காத்து வைக்கும் காகிதம்.

ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. அதில் எதைத் தேடுவது?

நான்கு இடங்களைத் தேடுங்கள்: டெலிவரி என்றால் என்ன என்று எங்கே சொல்லியிருக்கிறது, தாமதத்துக்கு என்ன தொகை, எந்தக் காரணங்களுக்குத் தாமதம் மன்னிக்கப்படும், தகராறு வந்தால் எங்கே போவது. மற்ற பக்கங்களைப் பிறகு பார்க்கலாம்.

அண்ணாச்சியின் ஒப்பந்தம் 2023 நவம்பர் 20-ஆம் தேதியிட்டது. விலை 24 லட்சம் ரூபாய். அதில் 40 சதவீதம், அதாவது 9,60,000 ரூபாய், முன்பணம். 50 சதவீதம், இயந்திரம் தயார் என்று சப்ளையர் எழுத்தில் தெரிவித்த பிறகு. கடைசிப் 10 சதவீதம், இயங்கத் தொடங்கிய பிறகு. நான்காம் உட்பிரிவு, ‘2024 ஜனவரி 31-க்குள் வாங்குபவரின் ஆலையில் நிறுவி இயக்கிக் காட்ட வேண்டும்’ என்றது. ஒன்பதாம் உட்பிரிவு, முழுமையான ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் விலையில் அரை சதவீதம், மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், என்றது. பன்னிரண்டாம் உட்பிரிவு இயற்கைச் சீற்றம் பற்றியது. அப்படிப்பட்ட காரணம் நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. பதினைந்தாம் உட்பிரிவு நடுவர் தீர்ப்பாயம்.

நான்காம் உட்பிரிவில் இருக்கும் ‘நிறுவி இயக்கிக் காட்ட’ என்ற சொற்கள் பின்னால் 24,000 ரூபாய் பெற்றுத் தந்தன. ‘டெலிவரி’ என்று மட்டும் எழுதியிருந்தால், இயந்திரம் லாரியில் ஏறிய நாளா, வாசலில் இறங்கிய நாளா, ஓடத் தொடங்கிய நாளா என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றையும் அதே மூச்சில் பாருங்கள்: உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறதா? நீங்கள் கட்ட வேண்டிய பணத்தைப் பிந்திக் கட்டியிருந்தால், அடித்தளக் கான்கிரீட்டை நேரத்தில் போட்டுக் கொடுக்காமல் இருந்திருந்தால், சப்ளையர் முதலில் அதைத்தான் பிடிப்பார். அண்ணாச்சி முன்பணத்தை நவம்பர் 22-இலேயே அனுப்பிவிட்டார். அடித்தளம் ஜனவரி முதல் வாரத்தில் முடிந்தது; அன்றே படம் எடுத்து அனுப்பியும் வைத்திருந்தார். படம் எடுக்கச் சொன்னது அவர் மகள். நல்ல பிள்ளை.

எங்களிடம் ஒப்பந்தம் கிடையாது. பர்சேஸ் ஆர்டர் மட்டும்தான்.

அதுவும் ஒப்பந்தம்தான், சப்ளையர் அதை ஏற்று முன்பணம் வாங்கியிருந்தால். கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். அதையும் எடுத்து வையுங்கள். தாமதத்துக்கான தொகை எங்கும் இல்லை என்றால் 73-ஆம் பிரிவின்படி உண்மையான நஷ்டத்தைக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு வேண்டும். எதற்காக அவசரம் என்பது ஆர்டர் கொடுக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த முறை ஆர்டரிலேயே ‘பிசான அறுவடைக்காக’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

வெள்ளத்தால் தாமதம் என்கிறார்கள். வெள்ளம் வந்தது உண்மைதானே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிப்ரவரி 3-ஆம் தேதி அண்ணாச்சிக்கு வந்த மின்னஞ்சலில் ‘தென் மாவட்ட வெள்ளத்தால் தவிர்க்க முடியாத தாமதம்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். படித்ததும் அவருக்கே மனம் இளகிவிட்டது.

நான் அவரிடம் கேட்டவை இரண்டுதான். டிரையர் தயாராவது எங்கே? கோவைப் பக்கத்தில். அங்கே வெள்ளமா? இல்லை. வெள்ளத்தில் மூழ்கியது நம் ஊர்; அவர்களுடைய பட்டறை அல்ல. வெள்ளம் வந்தது என்று நிறுவினால் போதாது. அந்த வெள்ளம் இந்த வேலையை எப்படித் தடுத்தது என்று காட்ட வேண்டும். சாலை துண்டித்திருந்தது என்றால் அது சில நாட்களுக்கான காரணம்; ஜனவரி முழுவதற்கும் ஆகாது. அடுத்து, ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தார்களா? டிசம்பர் 17-இல் நடந்ததைப் பிப்ரவரி 3-இல்தான் முதன்முதலாகச் சொல்கிறார்கள்.

நிஜமாகவே பட்டறை மூழ்கி, மறுநாளே கடிதமும் போட்டிருக்கும் சப்ளையர் என்றால், அந்த நாட்களைக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். அதுதான் நியாயம், உங்கள் கடிதத்துக்கும் அது கனம் சேர்க்கும்.

‘சரி, சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று வாட்ஸப்பில் எழுதிவிட்டேன். உரிமை போய்விட்டதா?

போகவில்லை, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. காலத்தை நீட்டித்துக் கொடுக்க வாங்குபவருக்கு அதிகாரம் உண்டு என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ‘சரி’ அப்படி ஒரு நீட்டிப்பு என்று சப்ளையர் வாதிடுவார். மேலும், தாமதத்துக்கு வாரக் கணக்கில் தொகை குறித்திருக்கும் ஒப்பந்தங்களில், குறித்த நாளே உயிர் என்ற வாதம் ஏற்கெனவே சற்று இளைத்துத்தான் இருக்கும். பணம் கட்டிவிட்டால் தாமதம் பரவாயில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டது போல அது தோன்றும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. நியாயமான அவகாசம் கொடுத்து, புதிதாக ஒரு நாளைக் குறித்து, ‘இந்த நாள் தவறினால் ரத்து’ என்று எழுதுவது. பதினைந்து நாள் கொடுத்தோம். இயந்திரம் பாதி தயாராக இருந்தது என்று அவர்களே சொல்லியிருந்ததால் அது போதும் என்று பட்டது. இரண்டே நாள் கெடு வைத்தால் அது கெடுவாக நிற்காது. ‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’ போன்ற சொற்களைக் கடிதத்தில் எங்கும் எழுதாதீர்கள். அவற்றுக்குத் தேதி கிடையாது.

எனக்கு ஆன நஷ்டம் ஒப்பந்தத் தொகையைவிட அதிகம். முழுவதையும் கேட்கலாமா?

அண்ணாச்சியின் மனக்குறையும் இதுவே. டிரையர் இல்லாததால், ஈரமாக வந்த நெல்லைப் பக்கத்து ஊர் ஆலைக்கு லாரியில் ஏற்றிக் காயவைத்துக் கொண்டுவந்தார். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி நிறம் மாறிவிடும். களத்தில் காயவைக்க இடமும் ஆளும் இல்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 2,400 மூட்டை. காயவைக்கும் கூலியும் லாரி வாடகையும் சேர்த்து மூட்டைக்கு 55 ரூபாய், ஆக 1,32,000 ரூபாய். ஒன்பதாம் உட்பிரிவின்படி கிடைப்பதோ அதில் பாதிக்குச் சற்று மேல்.

74-ஆம் பிரிவு சொல்வது இது: ஒப்பந்தத்தில் தொகை குறித்திருந்தால், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு கிடைக்கும். குறித்த தொகை உச்சவரம்பு. அதற்கு மேல் உண்மை நஷ்டம் என்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே 1,32,000 ரூபாயைக் கடிதத்தில் கேட்டால், ஒப்பந்தத்தைப் படிக்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அப்படியானால் லாரிச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. குறித்த தொகை தானாகக் கைக்கு வந்துவிடாது. நஷ்டமே இல்லாதவருக்கு 74-ஆம் பிரிவு பணம் தராது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘உங்களுக்கு என்ன நஷ்டம்? பழைய மாதிரி களத்தில் காயவைத்திருப்பீர்கள்’ என்று சப்ளையர் கேட்கும்போது எடுத்து வைப்பதற்குத்தான் அந்தச் சீட்டுகள். அவை தொகையைக் கூட்டாது. இருக்கும் தொகை குறையாமல் காக்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு டம்ளர் காப்பி ஆயிற்று.

கடிதத்தை முழுதாகக் காட்ட முடியுமா?

அனுப்பியது இதுதான், பெயரும் முகவரியும் மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்புநர்: (ஆலையின் பெயர், முகவரி)
பெறுநர்: (நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தத்தில் கண்ட முகவரி)
நாள்: 22.02.2024

பொருள்: நெல் டிரையர் வழங்குவதில் தாமதம், இழப்பீடும் இறுதிக் கெடுவும் தொடர்பாக.

பார்வை: 1. 20.11.2023 நாளிட்ட ஒப்பந்தம். 2. தங்கள் 03.02.2024 நாளிட்ட மின்னஞ்சல்.

ஐயா,

பார்வை 1-இல் கண்ட ஒப்பந்தத்தின் 4-ஆம் உட்பிரிவின்படி, தாங்கள் 31.01.2024-க்குள் எங்கள் ஆலையில் டிரையரை நிறுவி இயக்கிக் காட்டியிருக்க வேண்டும். முன்பணம் ரூ.9,60,000 தங்களுக்கு 22.11.2023 அன்று செலுத்தப்பட்டது. அடித்தளம் ஜனவரி முதல் வாரத்தில் முடிக்கப்பட்டுத் தங்களுக்குப் படத்துடன் தெரிவிக்கப்பட்டது. இயந்திரம் தயார் என்ற அறிவிப்பு இன்றுவரை தங்களிடமிருந்து வரவில்லை.

பார்வை 2-இல் தாங்கள் கூறும் வெள்ளம் தங்கள் உற்பத்தி இடத்தைப் பாதித்ததாக எந்த விவரமும் இல்லை. 12-ஆம் உட்பிரிவு கோரும் ஏழு நாள் அறிவிப்பும் தரப்படவில்லை. ஆகவே இக்காரணத்தை ஏற்க இயலவில்லை.

9-ஆம் உட்பிரிவின்படி 21.02.2024 வரை முழுமையான மூன்று வாரங்களுக்கு, வாரம் ரூ.12,000 வீதம் ரூ.36,000 இழப்பீடு சேர்ந்துள்ளது. இயந்திரம் இயங்கும் நாள்வரை இது தொடர்ந்து கணக்கிடப்படும். இறுதித் தவணையில் இத்தொகையைக் கழித்துக்கொள்வோம்.

பிசான அறுவடைக்காகவே இந்த இயந்திரம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 08.03.2024-க்குள் நிறுவி இயக்கித் தர இறுதி வாய்ப்பு அளிக்கிறோம். அந்நாள் இந்த ஒப்பந்தத்தில் இன்றியமையாதது. தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, முன்பணத்தை வட்டியுடனும், வேறிடத்தில் வாங்குவதால் கூடும் செலவையும் கோருவோம்.

இதற்கு முன் நாங்கள் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் கூறிய எதுவும் கால நீட்டிப்பு ஆகாது. தாமதமாக வரும் இயந்திரத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டாலும், தாமதத்துக்கான இழப்பீட்டைக் கோருவோம் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

‘மோசடி’, ‘ஏமாற்று’ என்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் வரைவில் அண்ணாச்சி இரண்டையும் சேர்த்திருந்தார், நான் அடித்துவிட்டேன். நாளைக்கு இயந்திரத்தை நிறுவ வரப்போகும் மெக்கானிக்கும் அவர்களுடைய ஆள்தான். கடிதத்தின் தலையில் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று போடும் வழக்கத்தையும் இங்கே தவிர்த்தேன். அது சமரசப் பேச்சுக் கடிதங்களுக்கு உரியது. பின்னால் சான்றாகக் காட்ட நினைக்கும் கடிதத்தில் அதைப் போட்டால், சான்றாகவே ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்க இடம் கொடுத்ததாகும்.

தமிழில் எழுதினால் செல்லுமா?

தாராளமாக. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், எடுத்துக்காட்டும் உட்பிரிவை மட்டும் உள்ளபடியே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் அதைப் பற்றித் தனியே ஒரு சண்டை வரும். வெளிமாநிலச் சப்ளையர் என்றால் முழுவதையுமே ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.

எப்படி அனுப்புவது?

ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கென்று குறித்த முகவரிக்கு, குறித்த வழியில். கிளை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் தெரியும் என்று இருக்காதீர்கள். நாங்கள் ஒப்புகைச் சீட்டுடன் பதிவு அஞ்சலில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். 2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலுடன் இணைந்துவிட்டது. இப்போது அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலோடு பதிவு வசதியையும் ஒப்புகையையும் கேட்டு வாங்க வேண்டும்.

லாரி வாசலில் நிற்கிறது. இறக்கலாமா?

கடிதம் போட்ட பன்னிரண்டாம் நாள், மார்ச் 5-ஆம் தேதி, லாரி வந்துவிட்டது. டிரைவர் செலானை நீட்டினார். அதில் ‘நல்ல நிலையில், திருப்தியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அந்த வரியை அடித்து, ‘பெட்டிகள் பெறப்பட்டன, உள்ளே பார்க்கப்படவில்லை. 22.02.2024 கடிதப்படி தாமத இழப்பீடு கோரப்படுகிறது’ என்று கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார் அண்ணாச்சி. டிரைவர் முகம் சுளித்தார். ஆனால் ஒரு படி கொடுத்துவிட்டுப் போனார். முன்னால் சொன்ன 55-ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு இதுதான். கடிதத்திலும் இருக்கிறது, ஏற்றுக்கொண்ட நேரத்திலும் இருக்கிறது.

டிரைவர் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். செலானைப் படம் எடுத்துக்கொண்டு, அதே வாசகத்தைச் சரக்கு இறங்கும் முன் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மீதிப் பணத்தில் கழித்துக்கொள்ளலாமா?

ஒப்பந்தம் அனுமதித்தால் கழிக்கலாம். ஆனால் முதலில் அவருடைய பில்லில் உத்யம் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழில் உற்பத்தியாளர் என்றால் 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் நடுவில் வருகிறது. எழுதி ஒத்துக்கொண்ட காலம் எதுவானாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இழப்பீடு கேட்கப் போன இடத்தில் நாம் கடன்காரராகத் திரும்பி வரக்கூடும்.

அந்தச் சட்டத்திலேயே ஒரு சிறிய வாசல் இருக்கிறது. சரக்கை ஏற்பதில் ஆட்சேபம் இருந்தால், டெலிவரியிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் தீர்ந்த நாளிலிருந்துதான் அப்போது காலம் ஓடும். தாமதம் பற்றிய குறை இந்த வகையில் சேருமா என்று வாதம் வரலாம் என்பதால், அண்ணாச்சிக்கு நான் சொன்னது இது: 15 நாளுக்குள் ஒரு கடிதம் போடுங்கள், தகராறு இல்லாத தொகையை ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டிவிடுங்கள், தகராறுக்குரிய தொகையை மட்டும் நிறுத்துங்கள்.

டிரையர் மார்ச் 13-இல் ஓடியது. ஜனவரி 31-லிருந்து 42 நாள், சரியாக ஆறு வாரம், 72,000 ரூபாய். கடைசித் தவணை 2,40,000. மீதி 1,68,000 ரூபாயை அந்த வாரமே அனுப்பினார், கணக்கு விவரத்தோடு.

சப்ளையர் பதிலே போடவில்லை அல்லது மறுக்கிறார். அடுத்து என்ன?

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம் இருந்தால் நேராக நீதிமன்றம் போனாலும் எதிர்த்தரப்பு கேட்டால் அங்கேதான் அனுப்புவார்கள். புகார்க் கடிதமே நடுவரைக் கோரும் அறிவிப்பு ஆகிவிடாது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதைத் தனியாக அனுப்ப வேண்டும். அதற்கு வக்கீலிடம் போங்கள். நுகர்வோர் ஆணையத்தைப் பலர் கேட்கிறார்கள். ஆட்களை வைத்து நடத்தும் ஆலைக்கு வாங்கிய இயந்திரம் வணிக நோக்கம். அங்கே பொதுவாக நிற்காது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கிய சிறு இயந்திரம் என்றால் விதிவிலக்கு உண்டு. நீதிமன்றமோ நடுவரோ, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலம். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டே ஆண்டுகள்.

அண்ணாச்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிவரவில்லை. ஏப்ரலில் சப்ளையரின் மேலாளர் போனில் வந்தார். இயந்திரம் ஆலைக்கு வந்தது மார்ச் 5-ஆம் தேதி, அதுவரை 34 நாள், முழு வாரம் நான்குதான், ஆகவே 48,000 ரூபாய்தான் கழிக்கலாம் என்றார். அண்ணாச்சி நான்காம் உட்பிரிவை வாசித்துக் காட்டினார். மேலாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, முதல் வருட சர்வீஸை அவர்களிடமே கொடுப்பீர்களா என்று கேட்டார்.